தடுப்பூசிக் குளிர்பெட்டி ஐ.எல்.ஆர். மைனஸ் 2-க்குப் போய்விட்டால்

"இரவில் 4 மணி நேரம் மைனஸ் 2 டிகிரி என்று வெப்பநிலை லாகர் காட்டுகிறது. உள்ளே பென்டா, டிடி, ஐபிவி, எம்ஆர், ஓபிவி. குப்பிகளில் ஒட்டியுள்ள விவிஎம் எல்லாம் நன்றாக இருக்கிறது. எதைக் கழிப்பது?"

விவிஎம் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. அதை நம்ப வேண்டாம். எம்ஆர், ஓபிவி உறைந்தாலும் கெடாது, வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர் கரைப்பான் ஆம்பூலில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பென்டா, டிடி தனி. கட்டியாக இருந்தால் அப்படியே கழித்துவிடுங்கள். திரவமாக இருந்தால் குலுக்கல் சோதனை: அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் அந்த பேட்ச் போச்சு. ஐபிவியில் இப்படிப் படியக்கூடிய அலுமினிய உப்பு இல்லை, அதனால் இந்தச் சோதனை செல்லாது. அதைக் கழிப்பதே சரி.

அப்புறம், குப்பிகள் கூடையில்லாமல், குளிர் அதிகமான பெட்டியின் அடியில் கிடந்தனவா?