சூரியப் புயல் அடித்தால் துருவ விமானம் ஏன் சுற்றிப் போகிறது?

கேள்வி: அடுத்த வாரம் சாங்கியிலிருந்து நேராக நியூயார்க் போகிறேன். சூரியப் புயல் வருகிறது, துருவ விமானங்களைத் திருப்பிவிடுவார்கள் என்று செய்தியில் பார்த்தேன். சிங்கப்பூர் விமானத்துக்குத் துருவத்தில் என்ன வேலை? நிஜமாகவே ஆபத்தா?

முதலில் துருவத்தில் என்ன வேலை என்பதைப் பார்த்துவிடுவோம். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, ஐரோப்பா பக்கமும் போகாது. நேராக மேலே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கும். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74-இல். கிட்டத்தட்ட உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் குறுக்குவழி என்றால் துருவம்தான், ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். தினமும் அப்படியே பறப்பார்கள் என்று அர்த்தமில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அன்றன்றைய பாதையைப் போடுவார்கள். பல நாட்கள் பசிபிக் வழியாகப் போவதுதான் லாபம்.

அந்தப் பாதை போடும் மேசையில் பல வருடங்கள் இரவுப் பணி பார்த்தவன் நான். அங்கே சூரியப் புயல் என்றதும் எங்களுக்கு வந்த முதல் கவலை கதிர்வீச்சு இல்லை. விமானியோடு பேச முடியுமா என்பதுதான்.

காரணம் இது. தொலைத்தொடர்பு செயற்கைக்கோள்களில் பல, பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. வடக்கே ஏறக்குறைய 82 பாகையைத் தாண்டினால் அவை அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதற்கு மேல் பழைய சிற்றலை வானொலிதான் கைகொடுக்கும். (துருவத்துக்கு மேலும் சுற்றுகிற இரிடியம் செயற்கைக்கோள்கள் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனாலும் சிற்றலையை யாரும் கழற்றிப் போட்டுவிடவில்லை.)

சிற்றலை தூரம் போவதற்குக் காரணம், 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மின்னூட்டப் படலத்தில் பட்டுத் திரும்புவது. ஆனால் அங்கே போகவும் திரும்பி வரவும், 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள இன்னொரு படலத்தைக் கடக்க வேண்டும். சூரியன் வெடித்துப் புரோட்டான்களைத் துப்பும்போது, பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் இந்தக் கீழ்ப் படலத்தில் கொட்டுகிறது. அங்கே எலக்ட்ரான்கள் பெருகுகின்றன. வானொலி அலை வந்து அவற்றை ஆட்டும், அவை பக்கத்தில் உள்ள காற்று மூலக்கூறுகளில் மோதும், அலையின் சக்தி வெறும் சூடாகிப் போகும். விமானி பேசுவது அங்கேயே கரைந்துவிடும். அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு வேகமாகக் கூடும். அதனால் முதலில் மேல் அலைவரிசைக்கு மாறிப் பார்ப்பார்கள், பெரிய புயலில் அதுவும் எடுபடாது.

இது நடக்கிறது என்பதை விமானி எப்படிக் கண்டுபிடிப்பார்? இரைச்சல் வராது. இரைச்சலே இல்லாமல் போகும். சாதாரண நாளில் சிற்றலையில் எப்போதும் ஒரு கரகரப்பு, தூரத்து இடி, யாரோ பேசும் துணுக்கு என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்ப் படலம் அலைகளை உறிஞ்சத் தொடங்கினால் அதெல்லாம் அடங்கி, காது அடைத்த மாதிரி ஆகிவிடும். பெட்டி கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும் என்று ஒரு விமானி என்னிடம் சொல்லியிருக்கிறார். வடக்கே தரையில் வைத்திருக்கும் கருவிகளும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. பால்வீதியிலிருந்து வரும் வானொலி இரைச்சல் எவ்வளவு குறைந்தது என்று அளக்கின்றன. 2 டெசிபல் குறைந்தால் மிதமான பாதிப்பு, 5 டெசிபல் குறைந்தால் கடுமையான பாதிப்பு. அப்போது மேசைக்கு வந்த எச்சரிக்கையில் முக்கியமான வரிகள் இப்படி இருந்தன:

```
SWX EFFECT: HF COM SEV
OBS SWX: 20/0700Z HNH HSH E18000 - W18000
```

சிற்றலைத் தொடர்பு கடுமையாகப் பாதிப்பு, வடக்கிலும் தெற்கிலும் உயர் அட்சரேகைகள், உலகைச் சுற்றி முழுக்க என்று அர்த்தம். (நேரத்தை உதாரணத்துக்காக நானே போட்டேன்.)

நேரம் எவ்வளவு குறைவு என்பதற்கு 2005 ஜனவரியைச் சொல்லலாம். அந்த மாத நடுவில் சூரியனில் ஒரே கரும்புள்ளிக் கூட்டம் நாலைந்து நாளாக வெடித்துக்கொண்டே இருந்தது. ஒரு அமெரிக்க விமான நிறுவனம் மட்டும் 26 பயணங்களைத் துருவப் பாதையிலிருந்து திருப்பியது. 20-ஆம் தேதி வெடிப்பு உச்சத்தைத் தொட்டது நம் நேரப்படி பிற்பகல் 3 மணி வாக்கில். சாதாரணமாகப் புரோட்டான்கள் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அன்று வெடிப்பு தொடங்கிய அரை மணிக்குள் வந்துவிட்டன. அந்த நேரம் துருவத்தில் இருக்கும் விமானத்தைத் திருப்ப வழியே இல்லை. அதனால்தான் வெடிக்கக்கூடிய கரும்புள்ளி நம்மைப் பார்த்து நிற்கும் நாட்களில், புறப்படும் முன்பே தெற்கே இறக்கிப் பாதை போடுவோம். கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள், அந்த எடைக்கு ஈடாகச் சரக்கு இறங்கும். சரக்குப் பிரிவிலிருந்து வரும் போனை எடுக்க யாருக்கும் மனசு வராது.

செயற்கைக்கோள்களையும் இதே புரோட்டான்கள்தான் படுத்துகின்றன. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் படம் பிடிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களை அப்படிப்பட்ட நாளில் பாருங்கள். முதல் படம் சுத்தமாக இருக்கும், அடுத்தடுத்த படங்களில் பனி கொட்டும். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் கேமரா சில்லில் நேராக மோதிய ஒரு துகள். நினைவகச் சில்லில் மோதினால் 0 என்பது 1 ஆகிவிடும். விமானக் கணினிகளிலும் இது நடக்கலாம். 2025 நவம்பரில் ஏர்பஸ், கடுமையான சூரியக் கதிர்வீச்சால் கட்டுப்பாட்டுத் தரவு கெடலாம் என்று சொல்லி, சுமார் 6,000 ஏ320 வகை விமானங்களுக்கு மென்பொருளை மாற்றச் சொன்னது. உங்கள் நியூயார்க் விமானம் அந்த வகை இல்லை.

சிங்கப்பூருக்கு மேலேயே இருக்கும்போது இந்தப் புரோட்டான்கள் உங்களை எட்டாது. பூமத்திய ரேகைப் பக்கம் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடுவதால், சாதாரணப் புயல் துகளைவிடப் பல மடங்கு வலுவானதுதான் அதைக் குறுக்கே கடந்து வர முடியும். ஆனால் வெடிப்பின் எக்ஸ் கதிர் வேறு கதை. அதைக் காந்தப்புலம் தடுக்காது, 8 நிமிடத்தில் வந்துவிடும். சூரியன் உச்சியில் இருக்கும் நம் ஊரில்தான் அடி பலமாக விழும். வங்காள விரிகுடா மேலே போகும் விமானங்களுக்குச் சிற்றலை ஒரு மணி நேரம் வரை படுத்துவிடும், அப்புறம் தானாகச் சரியாகும். துருவத்தில் புரோட்டான்களால் வரும் பாதிப்போ நாட்கணக்கில் நீடிக்கும்.

சரி, உங்கள் பயணம். செய்தியில் வரும் எண்ணில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். G என்றால் காந்தப் புயல், துருவ ஒளி படங்கள் வருவது அதனால். S என்றால் புரோட்டான். 2024 மே மாதம் G5 வந்து உலகமே சிவந்த வானத்தைப் படம் பிடித்தது, ஆனால் புரோட்டான் அளவு S2-ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வரம்பு. எங்கள் மேசையில் S3 வந்தால் துருவப் பாதை மூடப்படும். அப்படி ஆனால் நீங்கள் பசிபிக் வழியாக, கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்து போவீர்கள். உங்கள் விமானம் அன்று எப்படியும் பசிபிக் வழிதான் என்றால், பாதை மாறியதே உங்களுக்குத் தெரியாது.