பேக்கரி வழக்கும் லோண்டரி வழக்கும்: கேள்வி பதில்

சேர், யதார்த்தவாதத்துக்கும் பொசிற்றிவிசத்துக்கும் வித்தியாசத்தை ஒரு வழக்கை வைத்துச் சொல்ல முடியுமா? (சட்ட மாணவி, திருநெல்வேலி)

சட்டம் என்பது உரிய அதிகாரம் இயற்றிய விதி, அது நல்லதா என்பது வேறு கேள்வி என்பது பொசிற்றிவிசம். விதியை விட, நீதிபதிகள் உண்மையில் எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார் என்பது யதார்த்தவாதம். இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் பாருங்கள், தங்கச்சி. பேக்கரித் தொழிலாளி நாளுக்கு 10 மணித்தியாலம், வாரத்துக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று நியூயோர்க்கில் ஒரு சட்டம் இருந்தது. 1905இல், லொக்னர் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று ஐவர் சொன்னார்கள், நால்வர் மறுத்தார்கள். 1908இல் முல்லர் வழக்கு: லோண்டரிப் பெண்களுக்கும் 10 மணித்தியால எல்லை. இம்முறை ஒருமனதாக, சட்டம் செல்லும். முந்திய ஐவரில் நால்வர் இதிலும் இருந்தார்கள், தீர்ப்பை எழுதிய ப்ரூவர் உட்பட. அரசியலமைப்பில் ஒரு சொல்லும் மாறவில்லை.

மாறியது என்ன? சட்டத்தைக் காக்க வாதாடிய வழக்கறிஞர் பிராண்டைஸ் கொடுத்த நூறு பக்கத்துக்கு மேற்பட்ட வாதவுரையில் சட்டம் இரண்டே பக்கம்தான். மீதியெல்லாம் மருத்துவர்களும் தொழிற்சாலைப் பரிசோதகர்களும் எழுதியவை. நீதிமன்றம் வாழ்க்கையைப் பார்க்கட்டும் என்ற சட்ட அறிஞர் பவுண்டின் சமூகவியல் பார்வை இதுதான். யதார்த்தவாதி இன்னும் ஒரு படி போவார்: விதி ஒன்று, முடிவு இரண்டு, ஆகவே தீர்த்தது விதியல்ல. 'பொதுக் கூற்றுகள் தனி வழக்கைத் தீர்க்காது' என்று, லொக்னரில் மறுத்த நால்வரில் ஒருவரான ஹோம்ஸ் 1905இலேயே மாற்றுத் தீர்ப்பில் எழுதிவிட்டார்.

பொசிற்றிவிசத்தில் நீதிபதி மெஷின் மாதிரி. ரியலிஸ்டுக்கு எல்லாமே அவரின்ர பசிதான். சரிதானே அண்ணை?

முதல் பாதி பிழை. 'சுதந்திரம்' போன்ற சொல்லுக்குத் தெளிவான நடுவும் மங்கலான ஓரமும் உண்டு, ஓரத்தில் நீதிபதி தானே தெரிவு செய்கிறார் என்பது பொசிற்றிவிசக்காரரான ஹார்ட் 1961இல் எழுதியது. பசிக் கதை 2011இல் வந்த இஸ்ரேலிய ஆய்விலிருந்து பரவியது. நீதிபதிகளின் சாப்பாட்டு இடைவேளைக்கு முன் பரோல் கிடைப்பது 65 வீதத்திலிருந்து பூச்சியத்துக்குக் கிட்டப் போனது என்றார்கள். ஆனால் சட்டத்தரணி இல்லாத கைதிகளின் வழக்குகள்தான் இடைவேளைக்கு முன் கடைசியாக வந்தன என்று பிறகு மறுத்தார்கள். தலைப்பை மட்டும் வாசித்து எழுதாதீர்கள்.

எங்கட வேலி வழக்கு ஏழு வருசம். புது நீதிபதி வந்திருக்கிறார். வெல்லுவமா?

அதை உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள், ஐயா. ஒன்று மட்டும்: எந்தச் சாட்சியை நீதிபதி நம்புவார் என்பதுதான் விதியைவிட நிச்சயமற்றது என்று யதார்த்தவாதியான ஜெரோம் ஃபிராங்க் சொன்னார். வேலி வழக்கில் அது உண்மை.

பரீட்சைக்கு எது சரி எண்டு ஒரு வரியில் சொல்லுங்கோ.

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். லொக்னர் தீர்ப்பை வாசியுங்கள்.

அண்ணை, பெண் பலவீனமானவள் எண்டு எழுதின வாதவுரையை முன்னேற்றமாகக் காட்டுறீங்கள்! (நல்லூர் ஆசிரியை)

டீச்சர், இது நியாயமான அடி. தரவோடு அந்தக் காலத்து எண்ணமும் சேர்ந்தே நீதிமன்றத்துக்குள் போனது.

அப்ப தரவு நீதிபதியைக் கட்டுப்படுத்தும் எண்டும் சொல்லேலாதே?

சொல்ல முடியாது. பெண்களின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்கும் இதேபோலப் பெரிய தரவுக் கட்டு கொடுத்தார்கள். 1923இல், அட்கின்ஸ் வழக்கில், அதை 5க்கு 3 என்று தள்ளினார்கள். அந்தத் தரவு சுவையானது, ஆனால் கொஞ்சம்தான் நம்பவைக்கிறது என்று தீர்ப்பில் நீதிபதி சதர்லண்ட் எழுதினார்.