ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் வாயில் பழக வேண்டிய சில வாக்கியங்கள்

அம்மா, ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் உங்கள் மகனுக்கு ஜெர்மன் மொழி எதற்கு என்று தோன்றலாம். அவனுக்குப் பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான், அது உண்மை. ஆனால் பல்கலைக்கழக வாசலைத் தாண்டினால் அலுவலக மொழி ஜெர்மன். வீடு குடியேறி 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு 'ஆன்மெல்டுங்' என்று பெயர். பாஸ்போர்ட்டும் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவமும் எடுத்துக்கொண்டு அவன் ஊர் அலுவலகத்தில் உட்காரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவாவது இப்போதே பழகட்டும்.

கவுண்டருக்குப் போனதும் நேராக ஆங்கிலத்தில் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் 'கூட்டென் டாக்' (வணக்கம்). அடுத்து 'இஷ் மொஷ்டெ மிஷ் ஆன்மெல்டென்' (முகவரியைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன்). அதற்கப்புறம்தான் 'ஷ்ப்ரெஷென் ஸீ எங்லிஷ்?' (ஆங்கிலம் பேசுவீர்களா?). இந்த வரிசைதான் முக்கியம். வணக்கம் சொல்லாமல் ஆங்கிலம் தெரியுமா என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவாகப் படும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வாக்கியத்தைச் சரளமாகச் சொல்லிவிட்டால், இவனுக்கு ஜெர்மன் தெரியும் என்று நினைத்து எதிரில் இருப்பவர் மளமளவென்று பேசுவார். அதனால் 'லாங்ஸாம், பிட்டெ' (மெதுவாக, தயவுசெய்து) என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

மரியாதை விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் 'நீ', 'நீங்கள்' போலவே அங்கே 'டு', 'ஸீ'. வகுப்புத் தோழர்களிடம் 'டு' போதும். அலுவலர், பேராசிரியர், வீட்டுக்காரர் எல்லோரிடமும் 'ஸீ'தான். அவர்களாகவே 'டு' சொல்லலாம் என்று சொல்லும்வரை மாற்ற வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் 'ஃப்ராவ்' அல்லது 'ஹெர்' போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

நன்றி சொல்வதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். என்னிடம் வந்துபோன ஒரு மாணவி, வீட்டுக்கார அம்மா கேக் நீட்டியபோது சிரித்துக்கொண்டே 'டாங்கெ' என்றாள். அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏதாவது கொடுக்கும்போது வெறும் 'டாங்கெ' சொன்னால் 'வேண்டாம், நன்றி' என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் 'யா, கெர்னெ' என்று சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் 'நைன், டாங்கெ'. மறுநாள் அந்தப் பெண் இதைத் தெரிந்துகொண்டு, அடுத்த முறை 'யா, கெர்னெ' என்றாள். இரண்டு துண்டு கேக் கிடைத்தது என்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

தமிழில் எழுதினால் உச்சரிப்பு தோராயமாகத்தான் வரும். 'இஷ்' என்பதன் கடைசி ஒலி நம் 'ஷ்' அல்ல, நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்கும், ஆனால் ஒட்டாது, இடையில் காற்று மட்டும் சீறும். ஒலிப்பதிவைக் கேட்டு, கிளம்பும்வரை தினம் பத்து நிமிடம் உங்களிடமே சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அலுவலராக உட்காருங்கள், அவன் கதவைத் தட்டி 'கூட்டென் டாக்' என்று உள்ளே வரட்டும்.