நாற்காலி முட்டுக் கொடுத்த கதவு

கேள்வி: சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறேன். டார்மிட்டரியில் ஒரு ரூமுக்கு 12 பேர். கல்யாணமாகி 4 வருடம் ஆகிறது. கல்யாணமான 40-வது நாள் கிளம்பினேன், அதன்பின் 30 நாள் லீவில் இரண்டு முறை வந்தேன். மனைவி ஊரில் என் அப்பா, அம்மா, அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாள். வீட்டுக்கு டைல்ஸ், கிரில் கேட் எல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன். போன லீவில் அவள் என்னை விட்டு விலகியே இருந்தாள். எங்கள் ரூம் தாழ்ப்பாள் கழன்று ரொம்ப நாளாகிறது, நாற்காலியை முட்டுக் கொடுத்துதான் படுப்போம். போனிலும் ஆசையாக நாலு வார்த்தை பேசமாட்டாள். குழந்தை இல்லை என்பதால் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார் அம்மா. அவளுக்கு என்மேல் விருப்பமே இல்லையா?

பதில்: தம்பி, தாழ்ப்பாளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். தெருவில் போகிறவன் உள்ளே வராமலிருக்க கிரில் கேட் போட்டீர்கள். உங்கள் மனைவி படுக்கிற அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தோன்றவில்லை.

அந்த நாற்காலி என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் போட்ட டைல்ஸ் வழவழப்பானது. வெளியிலிருந்து ஒரு சிறு பிள்ளை தள்ளினாலும் நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும். இரவு பத்து மணிக்கு அதை இழுக்கிறபோது எழும் கிறீச் சத்தம் கூடத்தில் படுத்திருக்கிற மாமனார் மாமியார் காதில் விழும். காலையில் நகர்த்தும்போது இன்னொரு தடவை விழும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர்கள் முகத்தில் விழித்து, காபி போட்டுக் கொடுக்க வேண்டியவள் அவள். நீங்கள் 30 நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள். மீதி நாளெல்லாம் அந்தக் கூடத்தில் நடமாடுகிறவள் அவள்தான்.

கதவு எந்த நேரமும் திறக்கலாம் என்ற பயத்தில் உடம்பு இறுகும். இறுகிய உடம்புக்கு ஈரம் சுரக்காது, சேர்ந்தால் வலிக்கும். நாலு தடவை வலித்தால் ஐந்தாவது தடவை அவளே ஒதுங்குவாள். நீங்கள் அதை விருப்பமின்மை என்கிறீர்கள். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு ஆணுக்குச் சீக்கிரம் முடிந்துவிடுவதும் சகஜம். அவசரமும் பயமும் சேர்ந்த இடத்தில் அவளுக்கு மிஞ்சியது வலி மட்டும்தான்.

இனி வேலையைப் பார்ப்போம். தாழ்ப்பாள் கழன்றதற்குப் பெரும்பாலும் காரணம், அரை அங்குல ஸ்க்ரூ போட்டிருப்பார்கள், மரத்தில் ஓட்டை தளர்ந்திருக்கும். அதே ஓட்டையில் திரும்ப முடுக்கினால் ஒரு மாதம் தாங்காது. ஒரு சாண் மேலேயோ கீழேயோ நல்ல மரம் பார்த்து, 8 அங்குலத் தாழ்ப்பாளை, மரத்தின் கனத்துக்கு ஏற்ப ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ வைத்துப் போடச் சொல்லுங்கள். முதலில் ஸ்க்ரூவைவிட மெல்லிய துளை போட்டுக்கொண்டால் மரம் வெடிக்காது. அதற்கும் முன்னால் மேல் கீலை முடுக்க வேண்டும். கீல் தளர்ந்து கதவு தொங்கினால், கம்பி நிலையிலுள்ள துளைக்கு நேராக வராது. முனை மட்டும் நுழைந்து நிற்கிற தாழ்ப்பாள் ஒரு தள்ளுக்குத் திறந்துகொள்ளும். கட்டில் கிறீச்சிட்டால் கால் போல்ட்டுகளை இறுக்குங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் மெத்தையைத் தரையில் விரியுங்கள்.

அந்த அறையில் வீட்டு பீரோ இருக்கிறதா என்று பாருங்கள். துணிக்கும் பத்திரத்துக்கும் ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டுகிற வீடுகளில் பெரும்பாலும் பீரோதான் காரணம். இருந்தால் கூடத்துக்கு மாற்றுங்கள்.

இதையெல்லாம் அவளைக் கேட்க வைக்காதீர்கள். மருமகள் தாழ்ப்பாள் கேட்டால் அந்த வீட்டில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். "அறைக் கதவு சரியில்லை, தச்சரைக் கூப்பிடுங்க" என்று நீங்களே அண்ணனிடம் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அப்பா அம்மாவைக் காப்பது மகன் கடமை, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் கடமையை மனைவி தலையில் வைத்துவிட்டு, அவளுக்கென்று பூட்டிக்கொள்ள ஒரு கதவுகூடத் தராத மகனை நல்ல மகன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு நீங்கள் போனை எடுப்பது இரவு பத்து என்றால், ஊரில் மணி ஏழரை. அவள் அடுப்படியில் நிற்பாள், பக்கத்தில் மாமியார், அண்ணி, டிவி. அவள் தனியாக இருக்கிற இரவு பத்து மணிக்கு உங்களுக்குப் பன்னிரண்டரை. விடியற்காலை லாரிக்கு எழ வேண்டிய நீங்கள் தூங்கியிருப்பீர்கள். இந்த நேரக் கணக்கில் ஆசை வார்த்தைக்கு இடம் எங்கே இருக்கிறது? போதாததற்கு நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோவில் பேசினால், உங்கள் பின்னால் பதினொரு ஆண்கள் துண்டோடு நடமாடுவது அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு அவள் குரல் கேட்கும். என்ன பேசுவாள்?

ஞாயிற்றுக்கிழமை ஊரில் மதியம் மூன்று மணி, வீடு உண்ட மயக்கத்தில் இருக்கும். உங்களுக்கு அப்போது மாலை ஐந்தரை. டார்மிட்டரியை விட்டு வெளியே வந்து, இயர்போன் போட்டு, வீடியோ இல்லாமல் பேசுங்கள். அவள் மாடிக்கோ தோட்டத்துக்கோ போகட்டும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் போதும், ஆனால் தவறக்கூடாது. மற்ற நாள் நலம் விசாரிப்பு ஐந்து நிமிடத்தில் முடியட்டும். அந்தரங்கப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். அவள் போன் அண்ணன் பிள்ளைகள் கையில் கிடப்பது.

அடுத்து, அம்மா சொன்ன டாக்டர். 40 நாள், 30 நாள், 30 நாள். நாலு வருடத்தில் நீங்கள் சேர்ந்து இருந்தது 100 நாள். அதிலும் பாதி நாள் நாற்காலி முட்டு. சேர்ந்து வாழ்ந்து, தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் ஆகியும் கரு தங்கவில்லை என்றால்தான் டாக்டர்களே பரிசோதனையைப் பற்றிப் பேசுவார்கள் (அவளுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம்). கரு தங்கக்கூடிய நாட்கள் ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஆறுதான். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறவர்களுக்கு, வந்த முதல் நாளிலிருந்து எண்ணினால் சுமார் 9 முதல் 14 வரை. லீவின் முதல் வாரம் உறவினர் வருகையிலும் பெட்டி பிரிப்பதிலும் போய்விடும். அந்த வாரத்திலேயே இந்த நாட்களும் வந்தால் லீவு வீண். அவளிடம் தேதி கேட்டு, அதற்கு ஏற்ப டிக்கெட் போடுங்கள். அம்மாவிடம் இந்த 100 நாள் கணக்கைச் சொல்லி, குறை மருமகளிடம் இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். பரிசோதனை என்று வந்தால் முதலில் நீங்கள் போங்கள். விந்துப் பரிசோதனை எளிது, ஊசி குத்துகூட இல்லை.

தாழ்ப்பாள் விழுந்த கதவுக்குப் பின்னாலும், பொறுமையாக இருந்தும் அவளுக்கு வலி தொடர்ந்தால், மகளிர் மருத்துவரிடம் நீங்கள் கூடவே போங்கள். மாமியாரோடு அனுப்பாதீர்கள், அவர் எதிரில் அவள் வாய் திறக்க மாட்டாள்.

அண்ணனுக்கு இன்றே போன் போடுங்கள். தச்சர் வந்து போனதும் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறதா, கம்பி முழுக்கத் துளைக்குள் இறங்குகிறதா என்று நீங்களே பாருங்கள்.