மூங்கில், பிரம்பு, கேன்: உளுவண்டு பற்றி வாசகர் கேட்டவை

மோல்மீன் வாசகர்: ரங்கூன் கடைகளில் ஒரே மாதிரித் தெரியும் நாற்காலியை ஒருவர் கேன் என்கிறார், ஒருவர் ரட்டான் என்கிறார், இன்னொருவர் மூங்கில் என்கிறார். எதை நம்புவது, ஐயா?

கடைக்காரர் சொல்வதை விடுங்கள், நாற்காலியைக் கவிழ்த்துக் காலின் அடியைப் பாருங்கள். நடுவில் ஓட்டையும் உள்ளே கணுவுக்குக் கணு தடுப்பும் இருந்தால் மூங்கில். உள்ளே கெட்டியாக, வெட்டு முகம் முழுக்க ஊசித்துளைகள் ஒரே சீராகப் பரவியிருந்தால் பிரம்பு. ரட்டான் என்பதும் அதேதான். அது பனை இனத்துக் கொடி, மூங்கிலோ புல் இனம். பிரம்பை ஆவியில் வேகவைத்தால் வளைந்து கொடுக்கும். அதனால்தான் வட்டமான கைப்பிடிகளைப் பெரும்பாலும் அதில் செய்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கே மியின்வா என்று விற்கும் கல்மூங்கில் சில சமயம் உள்ளே ஓட்டையே இல்லாமல் கெட்டியாக இருக்கும். அப்போது வெட்டு முகத்தின் புள்ளிகளைப் பாருங்கள். மூங்கிலில் அவை வெளி ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக விலகியும் இருக்கும்.

கேன் என்று சரியாகச் சொன்னால் பிரம்பின் மேல்தோலைச் சீவி எடுத்த நாடா. இருக்கையில் பின்னியிருப்பது அதுதான். ஆனால் கடையில் முழுப் பிரம்பையும் கேன் என்றே சொல்கிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மூங்கிலைக் காட்டி கேன் என்று சொன்னால் மட்டும் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெகு வாசகி: போன வருஷம் வாங்கிய மூங்கில் சோபாவின் அடியில் தினமும் மாவு மாதிரி வெளிர்மஞ்சள் தூள் விழுகிறது. காலில் குண்டூசித் தலை அளவில் ஏழெட்டு ஓட்டைகள். கறையானா?

தூளை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். பவுடர் போல் வழவழவென்று இருந்தால் உளுவண்டு. கசகசா போல் குருணையாக உருண்டால், அது மரத்துக்குள் வாழும் உலர்கறையானின் எச்சம், அதற்கு வைத்தியம் வேறு. நீங்கள் மாவு என்று எழுதியிருப்பதால் வண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மூங்கிலைத் தின்கிற வண்டு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். அது தேடுவது மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தை. மூங்கிலின் வழவழப்பான மேல்தோலில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் அதன் வழியே நுழைய அதற்குச் சிரமம். வெட்டிய முனை, ஆணி அடித்த ஓட்டை, கணுவில் சீவிய இடம், உள்சுவர் ஆகியவைதான் அதன் வாசல். உள்ளே இட்ட முட்டையிலிருந்து வரும் புழு நார் போகிற போக்கிலேயே குடைந்துகொண்டு போகும். வளர்ந்த வண்டு வெளியேறும்போதுதான் நீங்கள் பார்த்த ஓட்டை உண்டாகிறது. ஆகவே ஓட்டைக்கு மட்டும் மருந்து வைப்பது, போன வண்டுக்குப் பின்னால் கதவைச் சாத்துவதுதான்.

முதலில் இன்னும் தின்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தூளைத் தட்டித் துடைத்துவிட்டு, எல்லா ஓட்டையையும் மெழுகால் அடைத்து, சோபாவின் அடியில் கறுப்புத் துணி விரியுங்கள். இரண்டு வாரத்தில் துணியில் புதுத் தூளோ காலில் புது ஓட்டையோ வந்தால், உள்ளே புழு இருக்கிறது. சோபாவை அசைத்தால் பழைய தூளும் கொட்டும் என்பதால், அதுவரை யாரையும் அதில் உட்கார விடாதீர்கள்.

புழு இருந்தால் வெந்நீர் 1 லிட்டருக்கு வெங்காரம் 30 கிராம், போரிக் பவுடர் 20 கிராம் என்று கரைத்துக்கொள்ளுங்கள். தூள் விழும் காலில், சுவரைப் பார்க்கும் பக்கமாக, ஒவ்வொரு கணுவுக்கும் சற்றுக் கீழே 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கணுவுக்குக் கணு தடுப்பு இருப்பதால் ஒவ்வோர் அறைக்கும் தனித்துளை வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சால் கரைசலைச் செலுத்தி, துளையை மெழுகால் அடைத்து, சோபாவை அப்படியும் இப்படியும் சாய்த்து வையுங்கள். மறுநாள் திறந்தால் கொஞ்சம் உறிஞ்சியிருக்கும். மறுபடி நிரப்புங்கள். நாலைந்து நாள் இப்படிச் செய்து, பிறகு வடித்து நிழலில் காயவைக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கையில் படக்கூடாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. காய்ந்த மூங்கில் மெதுவாகத்தான் உறிஞ்சும், தடித்த சுவரின் நடுவில் இருக்கிற புழு தப்பலாம். அதனால் இன்னும் மூன்று மாதம் கறுப்புத் துணி கிடக்கட்டும். நகத்தால் அழுத்தினாலே உள்வாங்கும் காலை மருந்து ஊற்றிக் காப்பாற்ற முடியாது, அதை மாற்றிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பெரியவர் உங்களுக்கும் இருப்பார். நேரில் பட்ட புழு சாகும், உண்மைதான். ஆனால் ஆவியாகிப் போனபின் பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது. விளக்கேற்றும் வீட்டில் அந்த வாடையோடு ஒரு சோபா எதற்கு?

தங்லின் வாசகர்: மூன்று முறை வார்னிஷ் அடித்தும் தூள் நிற்கவில்லை.

நிற்காது. வார்னிஷ் புது வண்டு முட்டையிடாமல் தடுக்கும், உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. முதலில் மேலே சொன்னபடி புழுவை ஒழித்துவிட்டு, அப்புறம் வெட்டு முனைகளுக்கும் ஆணித் துளைகளுக்கும் இரண்டு பூச்சுக் கொடுங்கள். வழவழப்பான உடம்புக்கு அடிப்பதைவிட முனைக்கு அடிப்பதுதான் முக்கியம், ஆனால் பெயின்டர்கள் விட்டுவிடுவது அதைத்தான். சின்ன ஸ்டூல், கூடை என்றால் பாலித்தீனில் இறுகக் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால், மருந்தே இல்லாமல் புழு செத்துவிடும்.

ரங்கூன் வாசகி: தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலியின் பின்னல் தொய்ந்துவிட்டது. வண்டா?

தூளும் ஓட்டையும் இல்லையென்றால் வண்டு இல்லை. பின்னல் மேல்தோல் நாடா என்பதால் வண்டுக்கு அதில் பெரிதாகத் தீனி கிடையாது. அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான ஈரத் துணியால் நனைத்து, யாரும் உட்காராமல் ஓர் இரவு காயவிடுங்கள், நாடா இறுகும். அறுந்திருந்தால் புதிதாகப் பின்ன வேண்டியதுதான். சட்டத்தை மட்டும் பாருங்கள்: முழுப் பிரம்பையும் வண்டு பிடிக்கும், அதுவும் கட்டு அவிழ்ந்து வெட்டு முகம் தெரியும் மூட்டுகளில்.

துவண்டே வாசகர்: சொந்தத் தோப்பு மூங்கிலில் பெஞ்சு செய்யப் போகிறேன். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்கிறார் அப்பா.

அப்பா சொல்வதை மறுக்க வேண்டாம், தேய்பிறையிலேயே வெட்டுங்கள். ஆனால் மாதமும் வயதும் அதைவிட முக்கியம். சித்திரை, வைகாசியில், மழைக்கு முன் மூங்கில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். மழையில் குருத்து கிளம்பும்போது அது செலவாகிறது. ஆகவே மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையில், மூன்று வயது தாண்டிய கழியாகப் பார்த்து வெட்டுங்கள். சந்தேகமானால் வெட்டு முகத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் உள்ளே மாவு நிறைய இருக்கிறது.

வெட்டியதும் பச்சையாக இருக்கும்போதே மருந்து ஏற்றுவதுதான் சுலபம். நீண்ட கம்பியால் கடைசிக் கணுவை மட்டும் விட்டு மற்ற தடுப்புகளை உடைத்து, கழியைச் செங்குத்தாக நிறுத்தி, அதே வெங்காரக் கரைசலை வாய்வரை ஊற்றுங்கள். இரண்டு வாரம், குறையக் குறைய நிரப்புங்கள். ஈரச் சுவர் வழியே மருந்து உள்ளிருந்து வெளியே பரவும். காய்ந்த கழியில் இது இந்த அளவுக்குப் பலிக்காது. பிறகு அடிக்கணுவை உடைத்து வடித்து, நிழலில் காயவையுங்கள். பெஞ்சு கூரைக்கு அடியில்தான் இருக்க வேண்டும், மழையில் நனைந்தால் வெங்காரம் கரைந்து போய்விடும்.