ஜிங்க் க்ரீமுக்கு அடங்காத டயப்பர் சிவப்பு

“எட்டு மாதக் குழந்தை. ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்ததும் டயப்பர் இடம் சிவந்துவிட்டது. நான்கு நாளாக ஜிங்க் க்ரீம் போடுகிறேன், குறையவில்லை. டாக்டரிடம் போகணுமா?”

போங்க, நாளைக்கே காட்டிவிடுவது நல்லது. ஈரம் பட்டு வரும் சாதாரணச் சிவப்பு, டயப்பர் உரசும் மேடான இடங்களில்தான் இருக்கும். தொடை மடிப்புக்குள் பெரும்பாலும் இறங்காது. மடிப்புக்குள்ளும் அடர் சிவப்பாக இருந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு இது வருவது சகஜம். கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சையை ஜிங்க் க்ரீம் கொல்லாது, ஈரம் படாமல் மறைக்கும், அவ்வளவுதான். டாக்டர் பூஞ்சைக்கான க்ரீம் எழுதித் தருவார். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள். டயப்பர் மூடியிருப்பதால் மருந்து தோல் வழியே உடலுக்குள் அதிகமாக உறிஞ்சப்படும்.

அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் விடுங்கள். பவுடர் வேண்டாம்.

காய்ச்சல், கொப்புளம், சீழ், ரத்தக் கசிவு, சிறுநீர் போகும்போது அலறல், இதில் ஒன்று தெரிந்தாலும் நாளைவரை காத்திருக்காமல் இன்றே போய்விடுங்கள்.