அப்பா மாடியில்தான் இருந்தார்: கேப்ஷன் சொல்லாமல் விட்டதைப் பின் செய்த கமென்டில் முடிப்பது

போன வாரம் ஒரு புயல் படம் போட்டேன். கேப்ஷன் சொல்லாமல் விட்டதை, வரிசையின் உச்சியிலேயே நிற்கும்படி பின் செய்து வைத்த என் கமென்டில் முடித்திருந்தேன். அதற்குப் பிறகு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பெரும்பாலும் மொரிஷியஸ் உறவுகள், ஒன்றிரண்டு ரியூனியனிலிருந்து. ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

குவாத்ர் போர்ன், கல்லூரி மாணவி: அண்ணா, கேப்ஷனைப் படிச்சிட்டு நான் சும்மா தள்ளிட்டுப் போயிட்டேன். தங்கச்சி கமென்டைக் காட்டின பிறகுதான் சிரிப்பு வந்தது. முதல்ல எதை எழுதுவீங்க, கேப்ஷனா கமென்டா?

கமென்டைத்தான் முதலில் எழுதுவேன், மா. அந்தப் படம் எப்படி வந்ததென்றே சொல்கிறேன்.

மொரிஷியஸில் புயலுக்கு விடும் கிளாஸ் 2 எச்சரிக்கை வந்த மத்தியானம், எங்கள் மொட்டை மாடி. நீலத் தண்ணீர் டிரம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கறிவேப்பிலைத் தொட்டி, பழைய துணிக்கொடிக் கம்பி என்று ஒன்றுவிடாமல் மஞ்சள் நைலான் கயிற்றால் மாடிக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார் அம்மா. படத்தில் ஆள் யாரும் இல்லை. நான் மனசில் வைத்திருந்தது, அப்பாவையும் கட்டிவிட்டார் என்ற கிண்டல்.

முதலில் எழுதிய கேப்ஷன் இது: “அம்மா எல்லாத்தையும் கட்டிட்டாங்க… யாரை விடலைன்னு கமென்ட்ல பாருங்க!” இது படுமோசம். “யாரை” என்றதுமே ஆள் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் கட்டுவதற்கு அப்பாவை விட்டால் வேறு யார்? கமென்டைத் திறப்பதற்கு முன்பே ஜோக் செத்துவிட்டது. மூன்று புள்ளியும் ஒரு சைகைதான், “இங்கே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறேன்” என்று தட்டிக்காட்டுகிற சைகை.

இரண்டாவது: “கிளாஸ் 2. அம்மா மாடியில் இருந்ததையெல்லாம் கட்டிவிட்டார்.” கமென்டில்: “அப்பாவையும் சேர்த்து!” பரவாயில்லை. ஆனால் கடைசிப் படியையும் நானே ஏறிவிட்டேன், படிப்பவருக்கு வேலை வைக்கவில்லை.

கடைசியில் கேப்ஷனைத் தொடவே இல்லை, கமென்டை மட்டும் மாற்றினேன்: “அப்பா அப்போது மாடியில்தான் இருந்தார்.” கட்டினார் என்ற சொல்லே இதில் கிடையாது. ஒரு சாதாரணத் தகவல், அவ்வளவுதான். அது கேப்ஷனில் இருக்கும் “இருந்ததையெல்லாம்” என்ற சொல்லில் போய் முட்டுகிறது. படிப்பவர் திரும்பிப்போய் அந்தச் சொல்லை இன்னொரு தரம் படிப்பார். சிரிப்பு வருவது அந்தத் திரும்பிப் போகிற நொடியில்தான்.

அதனால்தான் கமென்ட் முதலில். முட்டப்போகிற தகவல் எது என்று தெரிந்த பிறகு, அது முட்டுவதற்கு ஒரு சொல்லைக் கேப்ஷனில் நடவேண்டும். நட்டது வெளியே தெரியக் கூடாது. கேப்ஷன் தன்னளவில் முற்றுப்புள்ளி வைத்த முழு வாக்கியமாக இருக்கவேண்டும். நீ சும்மா தள்ளிவிட்டுப் போனாய் என்றாயே, அது எனக்குக் குறை இல்லை. நட்டது தெரியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் தங்கச்சி காட்டியிருக்காவிட்டால் உனக்குச் சிரிப்பே கிடைத்திருக்காது. அந்த நஷ்டம் இந்த முறையில் எப்போதும் உண்டு.

ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: தம்பி, “இருந்ததையெல்லாம்” என்பது அஃறிணை. அப்பா உயர்திணை. இலக்கணப்படி அவர் அந்த வாக்கியத்துக்குள் வரவே மாட்டார். ஆகவே ஜோக் நிற்காது. “இருந்த எல்லாரையும் எல்லாவற்றையும்” என்று எழுதியிருக்க வேண்டும்.

ஐயா, முதல் மூன்று வரியும் நூற்றுக்கு நூறு சரி. ஜோக் நிற்காது என்பதோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அவர் இலக்கணப்படி உள்ளே வர முடியாது என்பதால்தான் கேப்ஷனைப் படிக்கும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டிரம், நாற்காலி, தொட்டி என்று கண் பொருளாகவே பார்த்துக்கொண்டு போகிறது. பிறகு கமென்ட் வந்து அப்பாவை அந்த வரிசையில் உட்கார வைக்கிறது. அம்மா கட்டியது பாதிச் சிரிப்பு. டிரம்மோடு டிரம்மாக அப்பா அஃறிணை ஆகிப்போனது மீதி. “எல்லாரையும்” என்று போட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும். திணை பிரிக்கும் மொழி வாய்த்ததற்கு இந்த மாதிரி சமயத்தில் நாம் நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

வாக்குவா, வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர்: நானும் முதல் கமென்டைப் பின் பண்ணித்தான் வைக்கிறேன் தம்பி. விலை, வாட்ஸ்அப் நம்பர், எந்தச் சந்தைக்கு எந்த நாள் வருவேன் எல்லாம் அதுல இருக்கும். ஆனா யாரும் சிரிக்கறதில்லையே?

அக்கா, விலையைப் பார்த்துச் சிரித்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். நீங்கள் செய்வது வேறு காரியம், அதில் தப்பில்லை. ஆனால் யூடியூபில் பின் செய்ய ஒரே ஓர் இடம்தான். இரண்டாவதைப் பின் செய்தால் முதல் கமென்ட் கீழே இறங்கிவிடும். இன்ஸ்டாகிராமில் மூன்று வரை வைக்கலாம், ஆனாலும் ஜோக்குக்குப் பக்கத்தில் விலைப்பட்டியல் வேண்டாம். விலையைக் கேப்ஷனிலேயே போடுங்கள். ஜோக் போடுகிற அன்று விலை போடாதீர்கள்.

கூர்ப்பிப், வீடியோ போடுபவர்: ராத்திரியே ஏற்றி, காலை ஆறு மணிக்கு வெளியாகும்படி வைத்திருந்தேன். நான் எழுந்து கமென்ட் எழுதுவதற்குள் ஒரு புண்ணியவான் அதே பஞ்ச்லைனைச் சொல்லிவிட்டார்! அவர் கமென்டை அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். அவர் சொன்னதையே பின் செய்யுங்கள். ஜோக் உங்களுடையதென்று வழக்காட முடியாது. வாசகர் ஒருவர் கண்டுபிடித்தது என்றால் மற்றவர்களும் வந்து விளையாடுவார்கள். அவர் சொன்ன விதம் வழவழவென்று இருந்தால்தான் சிக்கல். அப்போது உங்களுடையதைப் பின் செய்துவிட்டு, அவருக்குக் கீழே “முந்திக்கொண்டீர்கள்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

யூடியூபில் இதைத் தவிர்க்க வழி உண்டு. வீடியோவை, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற Unlisted நிலையில் ஏற்றுங்கள். அந்த நிலையிலேயே கமென்ட் எழுதலாம், பின்னும் செய்யலாம். காலையில் கையால் பொதுவுக்கு மாற்றினால், முதல் ஆள் வரும்போதே கமென்ட் தயாராக உட்கார்ந்திருக்கும். நேரம் குறித்து வைத்தால் அது வரை வீடியோ தனிப்பட்டதாக இருக்கும், அதனால் கமென்ட் எழுத முடியாது. நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. இன்னொன்று, குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோவில் கமென்டே கிடையாது. அங்கே இந்தப் பேச்சே வேண்டாம்.

நானும் ஒருமுறை பஸ்ஸில் போகும்போது படத்தைப் போட்டுவிட்டு, நெட் போய், நாற்பது நிமிஷம் கழித்துத்தான் கமென்ட் போட முடிந்தது. அதற்குள் சின்ன மாமா தொடங்கி எல்லோரும் கேப்ஷனை அப்படியே நம்பி ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து கமென்டை முன்கூட்டியே நோட்டில் எழுதி, நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் படத்தை விடுவேன்.

ரியூனியன், சென்ட் அன்ட்ரே: போனில் யூடியூப் பார்க்கும்போது வீடியோவுக்குக் கீழேயே ஒரு கமென்ட் எட்டிப் பார்க்கிறதே. பஞ்ச் முன்னாலேயே வெளியாகிவிடாதா?

வெளியாகும். கமென்ட் பெட்டி மூடியிருக்கும்போதே ஒன்றின் தொடக்கம் தெரியும், பின் செய்ததுதான் பல நேரம் அங்கே வந்து நிற்கும். ஆகவே கமென்டை மட்டும் தனியாக, படம் பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். “அப்பா அப்போது மாடியில்தான் இருந்தார்” என்று என் மனைவியிடம் சொன்னேன். “அதுக்கென்ன?” என்றாள். தேறிவிட்டது. “அப்பாவையும் சேர்த்து!” என்பதற்கு, “அப்பாவை என்ன செஞ்சாங்க?” என்றாள். அது பாதி அவிழ்ந்துவிட்டது.

போர்ட் லூயி: எங்க வீட்டுல யாரும் கமென்ட் படிக்க மாட்டாங்க. படத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க. அப்புறம் ஜோக் எங்க?

ஜோக் இங்கேயே நின்றுவிடும், படம் மட்டும் ஊர்சுற்றும். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அதனால்தான் கேப்ஷன் தனியாகவும் நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். அம்மா கயிறு கட்டிய படம் வாட்ஸ்அப்பில் போனால், “எங்க அம்மாவும் இப்படித்தான்” என்று நாலு பேர் சொல்வார்கள். அது போதும். குடும்பக் குரூப்புக்கு மட்டுமே எழுதுகிறீர்கள் என்றால் இந்த முறை வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

மறுபடி கூர்ப்பிப்: வேலை செய்ததா இல்லையா என்று லைக்கை வைத்துக் கணக்குப் பார்க்கலாமா?

லைக் படத்துக்கா ஜோக்குக்கா என்று பிரிக்க முடியாது. பின் செய்த கமென்டுக்குக் கீழே வரும் பதில்களைப் பாருங்கள். அங்கே “பாவம் மாமா” என்றோ “சாப்பாடு கொடுத்தாங்களா?” என்றோ ஜோக்கை மேலே இழுத்துக்கொண்டு போனால் சரியாக விழுந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் அதிகமாக ஒளித்துவிட்டீர்கள். வெளியே, தனிக் கமென்டாக “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டால் கேப்ஷன் தொங்குகிறது, முடித்து எழுதவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: புயல் வைத்து ஜோக் அடிப்பது சரியா? 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயியில் கார்கள் மிதந்தபோது எங்கள் கடைக்குள் தண்ணீர்.

அன்றைக்கு இது போட்டிருந்தால் நானே என்னை மன்னித்திருக்க மாட்டேன். இந்த முறை எச்சரிக்கை விலகி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் போட்டேன். பழைய படம் என்றாலும், புது எச்சரிக்கை வந்தால் இறக்கிவிடுவேன். கமென்டின் பின்னை மட்டும் எடுத்தால் போதாது, படமே போகவேண்டும்.

போ பாசன், இளைஞர்: அண்ணா, நானா இருந்தா கமென்டை நம்ம ஊர் க்ரியோல்ல போடுவேன். அப்பா அக்கவுன்ட்ல இருந்தே “ம்வா ஒசி”ன்னு ரெண்டே சொல். “நானும்தான்”னு அவரே சொன்ன மாதிரி. அதைப் பின் பண்ணியிருக்கலாமே?

அடப்பாவி, இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஆள் பேசுகிறார், கட்டிப்போட்டவர் கையில் போன் எப்படி வந்தது என்ற கேள்வி வேறு வருகிறது. எங்கள் வீட்டில் அப்பா வாயிலிருந்து வருவதும் க்ரியோல்தான். ஆனால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிறவர்களுக்குப் புரியாது. அதோடு ஐயா சொன்ன அந்தத் திணை விளையாட்டும் கொஞ்சம் மங்கிவிடும், “நான்” என்று பேசுகிறவர் டிரம்மாக முடியாதே. எது மேல் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது, திறந்து கொடுத்தால் போடுகிறேன் என்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார்.